குளுவாங்கில் காப்பிக் கொட்டை வாங்குவோருக்கு: வறுக்கும் கடை, பேரங்காடி, இணையம்

தூளாகவே வாங்கிப் பழகியவர்கள் முதன்முதலாகக் காப்பியைக் கொட்டையாக வாங்கப் போகும்போது விலையையும் பையின் மேலுள்ள பெயரையும்தான் பார்க்கிறார்கள். குளுவாங்கில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. கொட்டையை வறுத்தபோது சீனி சேர்த்தார்களா? வறுத்து எத்தனை நாள் ஆயிற்று? முதல் கேள்வியைக் கேட்காமல் வாங்கினால் அரைப்பான் பாழாகும். இரண்டாவதைக் கேட்காமல் வாங்கினால் காசு கொடுத்தும் வாசனை கிடைக்காது. ஊரில் காப்பி வறுக்கும் கடை, பேரங்காடித் தட்டு, இணைய விற்பனையாளர் ஆகிய மூன்று இடங்களும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு பதில் தருகின்றன.

வீட்டுக் கணக்கு

எவ்வளவு தேவை என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். ஒரு பெரிய கோப்பைக்கு, அதாவது ஏறக்குறைய 240 மில்லி தண்ணீருக்கு, 15 கிராம் கொட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் இருவருக்கும் பித்தளை பில்டரில் இறக்கிய பால் காப்பி. மாலையில் ஒருவருக்கு மட்டும் பால் சேர்க்காத காப்பி. ஆக நாளுக்கு 45 கிராம், இரண்டு வாரத்துக்கு 630 கிராம். நம் ஊர்ப் புழுக்கத்தில், திறந்த பையை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக் குடிப்பது வீண். எனவே ஒரு முறை வாங்குவது அந்த அளவைத் தாண்ட வேண்டாம். ஒரு கிலோ பை மலிவு என்று கடையில் சொல்வார்கள். கடைசி 300 கிராமை வாசனையில்லாமல் குடிக்கும்போது அந்த மலிவு கரைந்துபோகும்.

காப்பி வறுக்கும் கடை

ஜொகூரில் விளையும் காப்பியில் பெரும்பகுதி லைபீரிகா. உலகச் சந்தையில் அராபிகாவும் ரொபஸ்டாவும்தான் ஏறக்குறைய முழுவதும். லைபீரிகா மிகச் சிறிய பங்கு. மலேசியத் தீபகற்பத்திலோ அதுதான் முதன்மையான வகை. ரப்பர் வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தத் தீபகற்பத்தின் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் பறித்தது காப்பிதான். அந்த வரலாற்றில் எஞ்சி நிற்கும் கொட்டை நமக்குப் பக்கத்திலேயே விளைந்து வறுபடுகிறது என்பதால், வாங்கத் தொடங்குபவர்கள் இங்கிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம்.

ஆனால் இங்கேதான் அந்தச் சீனிக் கேள்வி வருகிறது. மலேசியக் காப்பிக் கடைகளில் குடிக்கும் கறுப்புக் காப்பிக்கான கொட்டையைத் தனியாக வறுப்பதில்லை. வறுபட்டு வரும் கட்டத்தில் சீனி, மார்ஜரின், உப்பு ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். சீனி உருகிக் கருகி ஒவ்வொரு கொட்டையின் மேலும் கறுத்த ஓடாகப் படிகிறது. ஆறியதும் கட்டியாகி நிற்கும் கொட்டையை உடைத்துப் பிரித்து அரைக்கிறார்கள். கருகிய சீனி இனிப்பைத் தராது. கறுப்பு நிறத்தையும் கனத்தையும் ஒரு கசப்பையும் தரும். துணி வடிகட்டியில் இறக்கி, கெட்டிப் பால் ஊற்றிக் குடிக்கும் காப்பிக்கு அந்தக் கனம் தேவைதான். அந்தச் சுவையை விரும்புகிறவர்கள் கடையிலேயே அரைத்த தூளாக வாங்குங்கள். அதற்கென உள்ள பெரிய எந்திரத்தில் அவர்கள் அரைத்துக் கொடுப்பார்கள்.

வீட்டு அரைப்பானில் அந்தக் கொட்டையைப் போடவே கூடாது. அரைக்கும்போது எழும் சூட்டிலும் காற்றின் ஈரத்திலும் சீனி ஓடு இளகி, பற்களுக்கு நடுவே பசையாக ஒட்டிக்கொள்ளும். சில நாளில் கைப்பிடி சுற்றாது. மின்சார அரைப்பானாக இருந்தால் மோட்டார் முனகும். கழற்றிப் பார்த்தால் பற்களின் இடுக்கில் தார் போன்ற கறை இறுகிக் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துத் தேய்த்தால் போகும். ஆனால் நீர் படக்கூடாத எஃகுப் பற்கள் துருப்பிடிக்கும்.

ஆகவே கடைக்குள் போனதும் முதலில் கண்ணால் பாருங்கள். சீனி சேர்க்காமல் நடுத்தரமாக வறுத்த கொட்டை பழுப்பாக, பளபளப்பில்லாமல் இருக்கும். நடுக்கோடு தெளிவாகத் தெரியும். சீனி சேர்த்தது கண்ணாடி பூசியதுபோல் மினுங்கும், நடுக்கோடு ஓட்டுக்கடியில் மறைந்திருக்கும், இரண்டு மூன்று கொட்டைகள் ஒட்டியே கிடக்கும். இதில் ஒரு குழப்பம் நேரலாம். சீனி இல்லாமல் மிகக் கறுப்பாக வறுத்த கொட்டையும் மினுங்கும், ஏனென்றால் உள்ளேயிருக்கும் எண்ணெய் வெளியே வந்துவிடும். இரண்டு கொட்டையை விரலால் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் விரல் வழுக்கும். சீனி என்றால் பிசுபிசுக்கும்.

பிறகு கேளுங்கள். வறுப்பவர் பெரும்பாலும் சீனராக இருப்பார், பேச்சு மலாயில் நடக்கும். "தவுக்கே, சீனி கலக்காதது இருக்கிறதா?" என்பதற்கு "தவுக்கே, யாங் தா சம்போர் குலா அடா?" என்றால் போதும். அடுத்து, "பீலா கோரேங்?" என்று எப்போது வறுத்தார் என்பதைக் கேளுங்கள். "நேற்று", "திங்கட்கிழமை" என்று நாளைச் சொல்கிறவரிடம் வாங்கலாம். "எப்போதும் புதிதுதான்" என்று மட்டும் சொன்னால், எந்தக் கிழமை வறுப்பார்கள் என்று கேட்டு, அதற்கு அடுத்த நாள் வாருங்கள். சில கடைகளில் சீனியில்லாக் கொட்டையை முன்கூட்டிச் சொன்னால்தான் எடுத்து வைப்பார்கள், ஏனென்றால் அன்றாடம் போவது மற்றதுதான்.

முதல் முறை 100 கிராம் மட்டும் கேளுங்கள். சில்லறையாக நிறுத்துக் கொடுப்பது இந்தக் கடையில்தான் நடக்கும், பேரங்காடியில் நடக்காது. அரைத்துத் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே எந்திரத்தில்தான் நாள் முழுதும் சீனிக் கொட்டை அரைபடுகிறது. முந்தின ஆளுடைய மிச்சம் உங்கள் தூளில் கலக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஐயம் இருந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீர் எடுத்து, பத்துக் கொட்டையைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். சீனி ஓடு கரைந்து நீர் சீக்கிரமே பழுப்பாகிவிடும். சீனியில்லாத கொட்டையிலும் சாயம் இறங்கும், ஆனால் மெதுவாக, வெளிறி இறங்கும். இரண்டு வகையையும் அடுத்தடுத்து வைத்து ஒரு முறை செய்து பார்த்தால் வேறுபாடு மறக்காது.

லைபீரிகாவைப் பற்றி இரண்டு செய்திகள். கொட்டை மற்றவற்றைவிடப் பெரியது, ஒரு முனை கூர்த்து, நடுக்கோடு வளைந்திருக்கும். சிறிய கை அரைப்பானின் வாயில் அது சிக்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் கொட்டாமல், ஒரு கைப்பிடியாகப் போட்டுச் சுற்றுங்கள். சுவையில் பழுத்த பலாவின் வாசம் தெரியும். சிலருக்கு அது முதல் வாயிலேயே பிடித்துவிடும். சிலருக்குப் பால் சேர்த்தால்தான் பிடிக்கும். பில்டர் காப்பிக்கு அது நன்றாகவே இறங்குகிறது, ஏனென்றால் பால் ஊற்றிய பிறகும் அதன் வாசனை அமுங்கிப்போவதில்லை.

பேரங்காடித் தட்டு

பேரங்காடியின் வசதி நேரம். தோட்டத்து வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் போனாலும் கிடைக்கும். விலை எழுதியிருக்கும், கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பையின் பின்புறம் ‘ரமுவான்’ என்ற தலைப்பில் சேர்பொருள் பட்டியல் இருக்கும். எடை மிகுந்தது முதலில் வரும் என்பது விதி. ‘பீஜி கோபி’ மட்டும் இருந்தால் அது வெறும் காப்பிக் கொட்டை. ‘குலா’, ‘மார்ஜரின்’, ‘காராம்’ தொடர்ந்து வந்தால் சீனி வறுவல். ‘குலா’ முதலில் இருந்தால் பைக்குள் காப்பியைவிடச் சீனிதான் அதிகம். ‘கோபி சம்புரான்’ என்று முன்பக்கத்தில் இருந்தால் கலவை என்று பொருள். இதைப் பொறுத்தவரை பேரங்காடி, வறுக்கும் கடையைவிட நேர்மையான இடம். சட்டப்படி எழுதியே ஆக வேண்டும்.

இந்திய மளிகைப் பகுதியில் வரும் பில்டர் காப்பிப் பொட்டலங்கள் கொட்டையல்ல, தூள். அவற்றில் சிக்கரியின் விழுக்காடு அச்சிட்டிருக்கும். அந்தக் கலவை நாக்குக்குப் பழகியவர்கள் வெறும் கொட்டையை அரைத்து இறக்கினால் டிகாஷன் மெலிந்து தெரியும். அது கொட்டையின் குறையல்ல, சிக்கரி இல்லாததன் விளைவு. தூளின் அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

பேரங்காடியின் குறை நாள்தான். பெரும்பாலான பைகளில் வறுத்த நாள் இருக்காது, ‘தாரிக் லூபுத்’ எனும் காலாவதி நாள் மட்டுமே இருக்கும். வறுத்த கொட்டைக்கு ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை ஆயுள் குறிப்பது வழக்கம். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம். இப்போது ஆகஸ்ட் மாதம், பையில் வரும் பிப்ரவரி என்று இருக்கிறது என்று வைப்போம். ஓராண்டு ஆயுள் என்றால் இந்தப் பிப்ரவரியில் வறுத்தது, ஆறு மாதம் ஆகிவிட்டது. இரண்டாண்டு ஆயுள் என்றால் போன ஆண்டுப் பிப்ரவரி, பதினெட்டு மாதம். அதே தட்டில் பின்வரிசையில் கைவிட்டுப் பாருங்கள். புதிதாக வந்த பையைப் பின்னால்தான் அடுக்குவார்கள். அதிகத் தொலைவிலுள்ள தேதியை எடுங்கள்.

ஒற்றைவழி வால்வு உள்ள பையென்றால் மெல்ல அழுத்தி, வெளிவரும் காற்றை முகர்ந்து பாருங்கள். நல்ல காப்பி வாசம் வந்தால் எடுக்கலாம். அட்டைப்பெட்டி வாசமோ பழைய எண்ணெய் வாசமோ வந்தால் வைத்துவிடுங்கள். செங்கல்போல் இறுகிய காற்றில்லாப் பையில் இந்தச் சோதனை நடக்காது. வறுத்த கொட்டை நாள்கணக்கில் வாயு விடும். வால்வு இல்லாமல் இறுகக் கட்டியிருக்கிறார்கள் என்றால், வாயு போகும்வரை காத்திருந்து கட்டினார்கள் என்று பொருள்.

பழைய கொட்டை கெட்டுப்போனது அல்ல, குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. வாசனை போய்விட்டது, அவ்வளவுதான். பால் காப்பிக்கு அது ஓரளவு ஓடும். பால் சேர்க்காத காப்பியில் குறை அப்படியே நாக்கில் படும்.

இணையத்தில் வாங்குவது

இணையம் தருவது தெரிவும் தகவலும். சுமாத்ராவின் காயோ, எத்தியோப்பியா, பிரேசில் என்று குளுவாங்குக் கடைகளில் எளிதில் காண முடியாத அராபிகாக் கொட்டைகள் வீட்டு வாசலுக்கு வரும். எந்த ஊர், எவ்வளவு உயரத்தில் விளைந்தது, எப்படிப் பதப்படுத்தியது, எந்த அளவு வறுத்தது என்பதெல்லாம் எழுதியிருக்கும். முகர்ந்து பார்க்க மட்டும் முடியாது. எனவே வாங்கும் முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு இங்கேதான் அதிகம்.

விற்பவர் தாமே வறுக்கிறாரா, வாங்கி விற்கிறாரா என்று முதலில் பாருங்கள். Shopee, Lazada போன்ற தளங்களில் இரண்டு வகையினரும் கலந்திருப்பார்கள். தாமே வறுக்கிறவர் எந்தக் கிழமை வறுக்கிறார், எந்தக் கிழமை அனுப்புகிறார் என்று சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் செய்தி அனுப்பிக் கேளுங்கள்: "இப்போது அனுப்பினால் எந்தத் தேதியில் வறுத்த பை வரும்?" தேதியோடு பதில் வந்தால் வாங்கலாம். அந்தப் பதிலைத் திரையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் பக்கத்தில் கொட்டையா தூளா என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கும். Whole Bean என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பணம் கட்டும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அரைத்து வந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

வறுவல் அளவு பில்டர் பால் காப்பிக்கு நடுத்தரத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும். இளம் வறுவலின் புளிப்பு பாலோடு சேராது. அது பால் இல்லாமல் குடிக்கிறவர்களுக்கு.

பெருநாள் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் அனுப்பச் சொல்லாதீர்கள். பொட்டலம் சூடான கிடங்கில் நாள்கணக்கில் கிடக்கும். வீட்டில் யாரும் இல்லாத பகலில் அனுப்புகிறவர் வாசல் கதவில் தொங்கவிட்டுப் போனால் நண்பகல் வெயில் கொட்டையை நேராகத் தாக்கும். நிழலில் வைக்கச் சொல்லி முகவரிக் குறிப்பில் எழுதுங்கள், அல்லது வேலையிட முகவரியைக் கொடுங்கள்.

பை வந்ததும் திறக்காமல் தேதியைப் பாருங்கள். வறுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தால் அவசரப்படாதீர்கள். மிகப் புதிய கொட்டையில் வாயு அதிகம். வெந்நீர் ஊற்றினால் தூள் பொங்கி நுரைத்து நீரை உள்ளே விடாது, சுவையும் கூர்மையாக, தனித்தனியாகத் தெரியும். கறுப்பு வறுவலுக்கு நாலைந்து நாள், இளம் வறுவலுக்குப் பத்து நாள் வரை விட்டுத் திறப்பது நல்லது. பையைத் திறக்காமல் வைத்திருந்தால் அதன் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் நல்ல காலம். ஏற்கெனவே இரண்டு மாதம் ஆன பை வந்திருந்தால், படம் எடுத்து, வைத்திருந்த பதிலோடு விற்பவருக்கு அனுப்புங்கள்.

வெந்நீர் ஊற்றிப் பார்ப்பது எங்கு வாங்கிய கொட்டைக்கும் பொருந்தும். அரைத்த 15 கிராம் தூளில் முதலில் 30 மில்லி வெந்நீர் மட்டும் ஊற்றி அரை நிமிடம் கவனியுங்கள். தூள் உப்பிக் குமிழ் விட்டால் கொட்டையில் உயிர் இருக்கிறது. சேறு போலப் படுத்துவிட்டால் பழையது. கறுப்பு வறுவல் மற்றதைவிட அதிகமாகவே பொங்கும், எனவே ஒரே அளவு வறுத்தவற்றையே ஒப்பிடுங்கள்.

அந்த வீடு எங்கே வாங்கும்

இரண்டு வாரத்துக்கு 630 கிராம் தேவைப்பட்ட வீட்டுக்குத் திரும்புவோம். காலைப் பால் காப்பிக்கு 420 கிராம், மாலைக் காப்பிக்கு 210 கிராம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வறுக்கும் கடையில் சீனியில்லா லைபீரிகா 500 கிராம் 28 வெள்ளி என்றால், அதில் 33 கோப்பை வரும். ஒரு கோப்பை ஏறத்தாழ 85 சென். பேரங்காடியில் 500 கிராம் 45 வெள்ளி என்றால் ஒரு கோப்பை 1 வெள்ளி 36 சென். இணையத்தில் 250 கிராம் 42 வெள்ளி, அனுப்பும் கூலி 6 வெள்ளி, ஆக 48 வெள்ளிக்கு 16 கோப்பை. ஒன்று 3 வெள்ளி.

பால் காப்பியை லைபீரிகாவில் போட்டுவிடலாம். மலிவு என்பது ஒரு காரணம், பாலில் அது நிற்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மாலையில் பால் இல்லாமல் குடிக்கும் அந்த ஒரு கோப்பைக்கு இணையத்து அராபிகா தகும், 250 கிராம் பை இரண்டு வாரத்துக்குச் சரியாக வரும். பேரங்காடி இந்த வீட்டுக்கு அவசரத்துக்குத்தான். வறுக்கும் கடை பூட்டியிருக்கும் பெருநாள் வாரத்தில் ஒரு 200 கிராம் பை. வீட்டில் வேறு வகைக் குடிப்பழக்கம் இருந்தால் கணக்கு மாறும். எல்லாரும் பால் காப்பி என்றால் இணையத்துக்கு அந்தப் பணம் போக வேண்டியதில்லை.

இணையத்தில் இரண்டு பையாக வாங்கினால் அனுப்பும் கூலி ஒரே 6 வெள்ளி, ஒரு கோப்பை 2 வெள்ளி 73 சென் ஆகும். அப்படி வாங்கினால் இரண்டாவது பையைத் திறக்காமல், வால்வின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். எடுத்த பிறகு இரவு முழுதும் வெளியே வைத்து, பை அறையின் சூட்டுக்கு வந்த பின்தான் திறக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் கொட்டையின் மேல் துளித்துவிடும். அன்றாடம் புழங்கும் பையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதும் அதே காரணத்தால் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும்.